கடல் நடுவே ஜிபிஎஸ் அணைந்தால்

திரை அணைந்ததும் முதலில் செய்ய வேண்டிய வேலை, மணி பார்த்து எழுதுவது. கருவியைத் தட்டிப் பார்ப்பது, வயரைக் கழற்றி மாட்டுவது, பேட்டரி முனையில் பூத்த பச்சையைச் சுரண்டுவது எல்லாம் பிறகு நடக்கட்டும். கடைசியாகத் திரையில் நின்ற அட்சரேகை, தீர்க்கரேகை, அப்போதைய மணி, காம்பஸ் காட்டிய திசை, இன்ஜின் ஓடிய வேகம் ஆகியவை இன்னும் நினைவில் இருக்கும்போதே நோட்டில் ஏறிவிட வேண்டும். 6 நாட் வேகத்தில் ஓடும் படகு பத்து நிமிடத்தில் ஒரு கடல் மைல் போய்விடும். கருவியோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு எழுத உட்கார்ந்தால், கணக்கின் முதல் வரியே ஒரு மைல் பிசகும்.

சிறு படகில் மின்கருவிகள் சாவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. உப்புநீர் உள்ளே புகும், பேட்டரி இறங்கிவிடும், வயர் அரிக்கும், அபூர்வமாக இடி விழும். அப்போது கையில் மிஞ்சுவது ஒரு காம்பஸ், ஒரு கடிகாரம், இன்ஜின். இவற்றை வைத்துக்கொண்டு, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில், எத்தனை மணி நேரம் வந்தோம் என்று கூட்டி இப்போது இருக்கும் இடத்தைச் சொல்வதற்குப் பெயர்தான் டெட் ரெக்கனிங். வானத்தையோ கரையையோ பார்க்காமலே செய்யக்கூடிய கணக்கு இது. பெருக்கலும் கோடு போடுவதும் தெரிந்தால் போதும். கடினமான பகுதி வேறு: வந்த விடை எவ்வளவு தவறாக இருக்கலாம் என்று தெரிந்துகொண்டு, அந்தத் தவறு நம்மைக் கெடுக்காதபடி படகை ஓட்டுவது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் வேகம். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கின் நீளம் அது. மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். பழைய பாய்க்கப்பல்களில் ஒரு மரச்சில்லைக் கயிற்றில் கட்டிப் பின்னால் போடுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். 28 வினாடி மணற்கடிகாரம் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைவழியே ஓடியதோ அத்தனை நாட் வேகம்.

இன்றைக்கும் இதை அப்படியே செய்யலாம். உள்ளங்கை அகலத்துக்கு முக்கோணமாக ஒரு பலகைத் துண்டு, அது தண்ணீரில் நிமிர்ந்து நிற்க அடியில் கொஞ்சம் ஈயம், அதில் கட்டிய 50 மீட்டர் மெல்லிய கயிறு. பலகையைப் பின்பக்கம் போட்டுவிட்டுக் கயிற்றைத் தாராளமாக விட வேண்டும். கயிறு இழுபட்டால் பலகை கூடவே வந்துவிடும், வேகம் குறைவாகத் தெரியும். கயிறு முழுதும் ஓடி முடிய எத்தனை வினாடி என்று பார்த்து, 50 மீட்டரை அதால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். அதை 1.94ஆல் பெருக்கினால் நாட். 20 வினாடி ஆனால் வினாடிக்கு 2.5 மீட்டர், அதாவது 5 நாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கயிறே இல்லாவிட்டால், அணியத்தில் நின்று ஒரு கட்டைத்துண்டை முன்னால் வீசி, அது படகின் முன்முனையைக் கடப்பதிலிருந்து பின்முனையைக் கடப்பது வரை எண்ணலாம். ஆனால் 10 மீட்டர் படகு 5 நாட்டில் அந்தத் தூரத்தை நான்கே வினாடியில் தாண்டிவிடும். அரை வினாடி தவறினால் வேகத்தில் எட்டில் ஒரு பங்கு பிழை. அதனால் ஐந்தாறு முறை செய்து சராசரி எடுக்க வேண்டும்.

இதைவிட நல்ல வழி, ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்கிற நாளிலேயே ஒரு பட்டியல் எழுதிவைப்பது. இன்ஜின் இத்தனை சுற்றில் ஓடும்போது வெறும் படகு இவ்வளவு நாட், மீனும் ஐஸும் நனைந்த வலையும் ஏறிய படகு இவ்வளவு நாட் என்று. ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிடும் வேகம். நீரோட்டம் கூட இருந்தால் அதையும் சேர்த்தே காட்டும். ஆகவே ஒரே கோட்டில் போய்த் திரும்பி வந்து இரண்டு எண்களின் சராசரியை எழுத வேண்டும்.

அடுத்தது திசை. காம்பஸ் முள்ளைக் கெடுப்பது பெரும்பாலும் படகில் இருப்பவர்களே. முள்ளுக்குப் பக்கத்தில் வைத்த மீன்வெட்டும் கத்தி, செல்போன், ரேடியோவின் ஸ்பீக்கர், இன்ஜினுக்கு அருகே தள்ளிப் பொருத்திய பெட்டி, எதுவும் அதைப் பத்து டிகிரிகூடத் திருப்பிவிடும். இடி விழுந்த படகில் இரும்புப் பாகங்களின் காந்தத் தன்மையே மாறிவிடலாம் என்பதால், நேற்றுவரை சரியாக இருந்த காம்பஸ் இன்று பொய் சொல்லக்கூடும். தமிழகக் கரைக்கு அப்பால் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். சிறு படகில் சுக்கான் பிடிப்பவரின் கையே அதைவிட அதிகமாக ஆடும் என்பதால் அதை விட்டுவிடலாம். படகின் இரும்பு செய்யும் பிழையை மட்டும் விடக்கூடாது.

சோதிப்பது எளிது. மார்ச் 21ஐ ஒட்டிய நாட்களிலும் செப்டம்பர் 23ஐ ஒட்டிய நாட்களிலும் சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். உதிக்கும் சூரியனை நோக்கி அணியத்தைத் திருப்பிப் பார்த்தால் காம்பஸ் 90ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். இரவில் துருவ நட்சத்திரம் உண்மை வடக்கிலிருந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகாது. நாகப்பட்டினம் கிட்டத்தட்ட 10¾ டிகிரி அட்சரேகையில் இருப்பதால், அங்கே அந்த நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 11 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைத் தொடுவானத்தின் மேல் வைத்தால், முஷ்டியின் மேல்விளிம்பைச் சற்றுத் தாண்டித் தேட வேண்டும். தாழ்வாக இருப்பதால் மேகமோ மூட்டமோ இருந்தால் தெரியாது. தெளிந்த இரவில் அதைவிட நம்பகமான திசைகாட்டி கிடையாது.

திசையில் ஏற்படும் பிழை எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 60 மைல் ஓடினால் ஒரு டிகிரிக்கு ஒரு மைல். 20 மைல் ஓட்டத்தில் 5 டிகிரி தவறினால் பக்கவாட்டில் 1.7 மைல் விலகுவோம்.

வேகமும் திசையும் தண்ணீரை வைத்து அளப்பவை. தண்ணீரே நகர்ந்துகொண்டிருந்தால்? ஓடும் ரயிலின் பெட்டிக்குள் இந்த ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலுக்குக் குறுக்கே நடப்பவர், தண்டவாளத்தைப் பொறுத்தவரை எங்கோ கோணலாகப் போயிருப்பார். நீரோட்டத்தில் படகுக்கு நடப்பதும் அதுதான். படகில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் சுற்றியுள்ள தண்ணீர், நுரை, மிதக்கும் குப்பை எல்லாமே சேர்ந்து நகர்கின்றன. தமிழகத்தின் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. பிப்ரவரி முதல் மே வரை பொதுவாக வடக்கு நோக்கி ஓடும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கி. சில நேரம் மணிக்கு ஒரு மைலுக்கும் மேல் ஓடும். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கும் மீனவர்கள் நீரோட்டம் திரும்புவதையும் வலை போகிற போக்கில் படித்துவிடுகிறார்கள். கணக்குக்கு வேண்டியது அந்தப் போக்கை மணிக்கு இத்தனை மைல் என்று எண்ணாக்குவது மட்டுமே.

ஒரு இரவைக் கற்பனையாக எடுத்துப் போட்டுப் பார்ப்போம். மார்ச் நடுவில், நாகப்பட்டினம் துறைமுக வாயிலிலிருந்து 10 மீட்டர் பைபர் படகு ஒன்று மாலை 5 மணிக்கு நேர் கிழக்கே புறப்படுகிறது. ஜிபிஎஸ்ஸைப் பார்த்துக்கொண்டே 6 நாட்டில் ஓடி, இரவு 8 மணிக்கு 18 மைல் கிழக்கே வலை விடுகிறார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு வலையோடு படகு மிதக்கிறது. 11 மணிக்குத் திரை அணைகிறது. அதற்குச் சற்று முன் பார்த்த இடத்தை ஒருவர் நோட்டில் எழுதியிருக்கிறார். பக்கம் இப்படி இருக்கும்:

இரவு 8.00. வலை விட்டோம். வாயிலுக்கு நேர் கிழக்கே 18 மைல்.
இரவு 11.00. ஜிபிஎஸ் அணைந்தது. கிழக்கே 18, வடக்கே 2.4.

இந்த இரண்டு வரிகளுக்குள் ஒரு புதையல் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் படகு 2.4 மைல் வடக்கே போயிருக்கிறது என்றால், நீரோட்டம் மணிக்கு 0.8 மைல் வேகத்தில் வடக்கே இழுக்கிறது. வலை தண்ணீருக்குள் ஆழமாகக் கிடப்பதால் இது பெரும்பாலும் நீரோட்டத்தின் வேலைதான், காற்றின் பங்கு குறைவு. 8 மணிக்கு எழுதாமல் விட்டிருந்தால் இந்த எண் கிடைத்திருக்காது. ஜிபிஎஸ் ஓடும்போதும் மணிக்கு ஒருமுறை இடத்தை எழுத வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

வலை வாங்கி முடிக்க இரவு 2 மணி. இந்த மூன்று மணியிலும் நீரோட்டம் அதே 0.8 என்று வைத்துக்கொண்டால் இன்னொரு 2.4 மைல். ஆக 2 மணிக்குக் கணிப்பு இடம் கிழக்கே 18, வடக்கே 4.8.

இங்கே ஒருவர், ‘வந்தது நேர் கிழக்கே, அதனால் திரும்புவது நேர் மேற்கே’ என்று 270 டிகிரி பிடித்தால் என்ன ஆகும்? மீன் ஏறிய படகு 5 நாட்தான் ஓடும். 18 மைலைக் கடக்க மூன்றரை மணிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் நீரோட்டம் இன்னும் 2.9 மைல் வடக்கே தள்ளும். கரையைத் தொடும்போது துறைமுகத்துக்கு 7.7 மைல் வடக்கே, நாகூரைத் தாண்டிக் காரைக்காலுக்குச் சற்றுத் தெற்கே இருப்பார்கள். இன்னும் விடியாத நேரம். கரை விளக்குகள் தெரியும், ஆனால் அவை எந்த ஊர் விளக்குகள் என்று தெரியாது. துறைமுகம் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் தெரியாது.

சரியாகப் போட, பள்ளிப் பிள்ளைகளின் கட்டம் போட்ட நோட்டும் ஒரு பாகைமானியும் போதும். ஒரு கட்டம் ஒரு மைல். துறைமுக வாயிலை ஒரு புள்ளியாக வைத்து, அதிலிருந்து வலப்பக்கம் 18 கட்டமும் மேலே 4.8 கட்டமும் எண்ணி இப்போதைய இடத்தைக் குறிக்கலாம். இனி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். துறைமுகத்துக்குத்தானே என்று தோன்றும். ஆனால் அதற்கு முன், அந்தப் புள்ளி எவ்வளவு உண்மை என்று கேட்டாக வேண்டும்.

பிழைகள் மூன்று வகையாக வருகின்றன. வேகத்தில் பத்தில் ஒரு பங்கு தவறலாம். 22 மைல் ஓட்டத்தில் அது 2 மைலுக்கு மேல். திசையில் 5 டிகிரி தவறலாம், அது ஏறத்தாழ 2 மைல். இவ்விரண்டும் ஓடிய தூரத்தோடு வளர்பவை. மூன்றாவது நீரோட்டம். அதன் வேகத்தை 0.8 என்று வைத்தோம், உண்மையில் அது 0.4ஆகவோ 1.2ஆகவோ மாறியிருக்கலாம். கடைசியாக இடம் தெரிந்த 11 மணியிலிருந்து கரை சேரும் வரை ஏழரை மணி நேரம் என்றால், மணிக்கு 0.4 வீதம் 3 மைல். இந்தப் பிழை ஓடிய தூரத்தைப் பார்ப்பதில்லை, கடந்த நேரத்தைப் பார்க்கிறது. படகு அசையாமல் மிதந்தாலும் இது வளரும். திரை அணைந்த பிறகு, ‘விடியட்டும் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இன்ஜினை நிறுத்தி மிதப்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஆழம் குறைவான இடமாக இருந்தால் நங்கூரம் போடலாம். நங்கூரம் தரையைப் பிடித்தால் இந்தப் பிழை அத்தோடு நின்றுவிடும். ஆழக்கடலில் அதற்கு வழியில்லை.

மூன்று பிழைகளும் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் சேர்வது அபூர்வம் என்பதால் மொத்தமாக வடக்கு தெற்கில் சுமார் 4 மைல் என்று வைத்துக்கொள்ளலாம். எனவே நோட்டில் குறிக்க வேண்டியது புள்ளியன்று, 4 மைல் அரைவிட்டமுள்ள ஒரு வட்டம். துறைமுகத்துக்கே நேராகக் குறிவைத்தால் அதற்கு 4 மைல் வடக்கிலோ 4 மைல் தெற்கிலோ எங்கேயும் கரை தட்டலாம். வடக்கா தெற்கா என்று தெரியாமல் நிற்பது பழைய சிக்கலேதான்.

இதற்கு விடை, வேண்டுமென்றே தவறான இடத்துக்குக் குறிவைப்பது. பிழை 4 மைல் என்றால் துறைமுகத்துக்கு 5 மைல் தெற்கே, வேளாங்கண்ணிக் கரைக்குக் குறிவைக்க வேண்டும். கணக்கு எந்தப் பக்கம் பிசகினாலும் கரை தட்டும் இடம் துறைமுகத்துக்குத் தெற்கேதான் இருக்கும். கரை தெரிந்ததும் யோசிக்காமல் வலப்பக்கம் திரும்பினால் வாயில் வந்தே தீரும். வடக்கே குறிவைக்காமல் தெற்கே குறிவைப்பதற்குக் காரணம் நீரோட்டம். வடக்கே தள்ளும் தண்ணீரோடு வடக்கே போவது எளிது, நேரமும் டீசலும் மிச்சம். அக்டோபருக்குப் பிறகு நீரோட்டம் தெற்கே திரும்பிவிடும், அப்போது வடக்கே குறிவைப்பதுதான் சரி. அந்த மாதங்களில் தெற்கே வழுகுவது பாக் நீரிணைப் பக்கம், 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இலங்கைக் கடல் எல்லைக்கு அருகே கொண்டுபோகும் என்பதால் இந்தத் தீர்மானத்துக்கு இரட்டைக் காரணம் உண்டு.

மீண்டும் கட்டத்தாளுக்கு வருவோம். இலக்கு, வாயிலுக்கு 5 கட்டம் கீழே. ஓடும் நேரம் ஏறத்தாழ நாலரை மணி என்று ஊகித்துக்கொண்டால், அதற்குள் நீரோட்டம் 3.6 மைல் மேலே தள்ளும். எனவே இலக்குக்கும் 3.6 கட்டம் கீழே, அதாவது வாயிலுக்கு 8.6 கட்டம் கீழே ஒரு புள்ளி வைத்து, இப்போதைய இடத்திலிருந்து அதற்குக் கோடு போட வேண்டும். கோட்டின் நீளம் 22.4 கட்டம். 5 நாட்டில் அதைக் கடக்கச் சரியாக நாலரை மணி ஆகிறது, ஊகம் பொருந்திவிட்டது. பொருந்தாவிட்டால் வந்த நேரத்தை வைத்து இன்னொரு முறை போட்டால் போதும். பாகைமானி வைத்துப் பார்த்தால் கோட்டின் திசை 233 டிகிரி. படகு தென்மேற்கே பார்த்துக்கொண்டு ஓடும், ஆனால் தரையைப் பொறுத்தவரை இன்னும் மேற்காகச் சாய்ந்து வேளாங்கண்ணிக்குப் போய்ச்சேரும். கரை தெரிய வேண்டிய நேரம் காலை ஆறரை. காற்று ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் இன்னொரு சிறு திருத்தம் உண்டு. பின்னால் விழும் நுரைத்தடம் படகின் நீளக் கோட்டுக்கு நேராக இல்லாமல் காற்று வரும் பக்கம் விலகித் தெரியும். எத்தனை டிகிரி விலகுகிறதோ அத்தனை டிகிரி அணியத்தைக் காற்றின் பக்கம் திருப்ப வேண்டும்.

இப்படி வேண்டுமென்றே ஒரு பக்கம் குறிவைத்ததால் ஆறு உயிர்கள் பிழைத்த கதை ஒன்று உண்டு. 1916 ஏப்ரல் 24 அன்று, அண்டார்க்டிகாவின் ஓரத்திலுள்ள எலிஃபெண்ட் தீவிலிருந்து எர்னஸ்ட் ஷாக்கில்டனும் ஐந்து பேரும் ‘ஜேம்ஸ் கெயர்ட்’ என்ற 7 மீட்டர் மரப்படகில் புறப்பட்டார்கள். கப்பலைப் பனிக்கட்டி நசுக்கிவிட்டது, மற்றவர்கள் தீவில் காத்திருந்தார்கள். உதவி கிடைக்கக்கூடிய இடம் சுமார் 800 கடல் மைல் தள்ளியிருந்த தென் ஜார்ஜியா தீவின் திமிங்கில வேட்டை நிலையங்கள். வழி கண்டவர் ஃபிராங்க் வோர்ஸ்லி. மேகம் கலைந்து சூரியனை அளக்க அவருக்குக் கிடைத்த வாய்ப்பு மொத்தப் பயணத்திலும் நான்கே முறை. இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, குதிக்கும் படகில் நின்று அளந்தார். மற்ற நேரமெல்லாம் திசை, வேகம், மணி, ஊகம். கணக்குப் புத்தகத்தின் தாள்கள் நனைந்து ஒட்டிக்கொண்டன.

தீவை நெருங்கியபோது வோர்ஸ்லி ஷாக்கில்டனிடம் உண்மையைச் சொன்னார்: பத்து மைலுக்குள் நம் இடத்தை உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. அந்தக் கடலில் காற்று மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும். நிலையங்கள் இருந்தது தீவின் வடகிழக்குப் பக்கம். நேராக அங்கே குறிவைத்துக் கணக்கு பிசகித் தீவைத் தவறவிட்டால், அந்தச் சிறு படகால் காற்றை எதிர்த்துத் திரும்பி வர முடியாது. அப்பால் வெறும் அட்லாண்டிக். எனவே ஆள் நடமாட்டமே இல்லாத தென்மேற்குக் கரைக்குக் குறிவைத்தார்கள். பிழை எந்தப் பக்கம் போனாலும் தீவு முன்னால் இருக்கும். மே 8 அன்று கடற்பாசித் துண்டுகளும், நிலத்தைவிட்டு அதிகம் விலகாத நீர்க்காகங்களும் தென்பட்டன. அன்று நண்பகலில் கரையின் பாறைகள் தெரிந்தன. சூறாவளியில் மாட்டி 10ஆம் தேதிதான் கிங் ஹாகோன் விரிகுடாவில் இறங்க முடிந்தது. தவறான பக்கம் இறங்கியதற்கு விலையும் கொடுத்தார்கள். வரைபடமே இல்லாத பனிமலைகளை ஷாக்கில்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் ஏறத்தாழ 36 மணி நேரம் நிற்காமல் நடந்து கடந்து நிலையத்தை அடைந்தார்கள்.  வோர்ஸ்லியின் கணித்திறமையைப் பலரும் புகழ்வார்கள். தன் கணக்கின் பிழையைக் குறைத்துச் சொல்லாமல் பத்து மைல் என்று நேர்மையாக அளந்ததைத்தான் நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

நாகை மீனவருக்கு வோர்ஸ்லிக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. சோழமண்டலக் கரை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. அவர் தேடியது ஒரு தீவு, தவறவிடலாம். இங்கே மேற்கே ஓடினால் கரை தப்பாது, எந்த ஊர் என்பதில்தான் சந்தேகம்.

ஓடும்போது சும்மா இருக்கக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை மரச்சில்லைப் போட்டு வேகம் பார்த்து எழுத வேண்டும். சுக்கான் பிடிப்பவர் மாறும்போது திசையை வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். 233ஐ 223 என்று காதில் வாங்கிக்கொண்டால் 10 டிகிரி போயிற்று. மனிதர் பிடிக்கும் சுக்கான் ஒரு பக்கமே சாயும் பழக்கமும் உண்டு. பெரும்பாலும் அலை வந்து மோதும் பக்கத்துக்கு முகம் கொடுக்காமல் ஒதுங்கிப் போய்விடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் பத்து நிமிடம் காம்பஸையே பார்த்து, முள் சராசரியாக எங்கே நின்றது என்று சொன்னால், குறிவைத்த திசையை விட்டு நிஜமாக ஓடிய திசையைக் கணக்கில் எழுதலாம்.

விடியும் நேரத்தில் சூரியன் முதுகுக்குப் பின்னால் எழும் என்பதால் கரையின் முகத்தில் வெளிச்சம் விழும், கோபுரங்கள் நன்றாகத் தெரியும். வேளாங்கண்ணி மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரங்கள் நேர் எதிரே வந்தால் கணக்கு மிகச் சரி. இடப்பக்கம் தள்ளித் தெரிந்தால் சற்று வடக்கே வந்துவிட்டோம். அதையும் எதிர்பார்த்துத்தான் குறிவைத்தோம், வலப்பக்கம் திரும்பலாம். நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்கள் முன்னால் நின்றால் மட்டும் துறைமுகத்தையே தாண்டி வடக்கே வந்துவிட்டோம் என்று பொருள். அப்போது இடப்பக்கம் திரும்ப வேண்டும், நீரோட்டம் நினைத்ததைவிட வலுவாக இருந்திருக்கிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டில் கலங்கரை விளக்கு தெரிந்தால் ஒளிக்கும் ஒளிக்கும் இடையே எத்தனை வினாடி என்று எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு விளக்கும் தனக்கென்று ஒரு தாளத்தில் மின்னுகிறது. அருகருகே இரண்டு விளக்குகளுக்கு ஒரே தாளம் கொடுக்கமாட்டார்கள். அந்தத் தாளங்களை முன்கூட்டியே நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருப்பது நல்லது.

ஆறரை மணிக்குக் கரை தெரியவில்லை என்றால் உடனே திசையை மாற்றிவிடக் கூடாது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கு பிழை என்றால் நாலரை மணி ஓட்டத்தில் அது அரை மணி. ஆகவே ஏழு மணி வரை அதே 233ல் ஓட வேண்டும். நடுவே கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி எத்தனை பாகம் என்று பார்த்தால், ஆழம் குறைந்துகொண்டே வருவது கரை நெருங்குவதைச் சொல்லிவிடும். குண்டின் அடியில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் சேறா மணலா என்பதும் ஒட்டிக்கொண்டு வரும். அடிக்கடி அந்தக் கரையில் தொழில் செய்பவருக்கு அது போதுமான அடையாளம். பனிமூட்டத்தால் கரை மறைந்திருந்து ஆழம் மட்டும் குறைந்தால் நங்கூரம் போட்டுக் காத்திருப்பது புத்திசாலித்தனம். ஏழு மணிக்கும் ஆழம் குறையவே இல்லை என்றால் வேகக் கணக்கிலோ கடைசி இடத்தைக் குறித்ததிலோ பெரிய தவறு இருக்கிறது. அப்போது தென்மேற்கை விட்டு நேர் மேற்கே திருப்ப வேண்டும், கரைக்குக் குறுக்கு வழி அதுதான்.

கரை தட்டியதும் ஒரு வரி பாக்கி இருக்கிறது. படகு 6.40க்கு வேளாங்கண்ணிக்கு 2 மைல் வடக்கே வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். 11 மணியிலிருந்து 7 மணி 40 நிமிடம். அதில் 2 மைல் பிசகு என்றால் மணிக்குக் கால் மைல். முழுப் பிழையையும் நீரோட்டத்தின் மேல் போட்டால், அன்றைய ஓட்டம் 0.8 இல்லை, 1க்குச் சற்று மேல். சுக்கான் பிடித்தவர் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு, அந்தச் சந்தேகத்தையும் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். தேதி, காற்றின் திசை, நிலவின் நாள், இந்த எண் ஆகியவை நோட்டில் சேர்ந்தால், அடுத்த பங்குனியில் இதே கடலில் திரை அணையும்போது 0.8 என்று தொடங்காமல் 1 என்று தொடங்கலாம்.